பிரேக் பிடித்த இடம் போனுக்குத் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் டிராக்கில் டிராக் டே நடக்கும் நாட்களில் ஒரு வழக்கமான காட்சி உண்டு. கால் மணி நேர செஷன் முடிந்து வண்டிகள் பிட்டுக்குள் வரும். ஹெல்மெட் கழறும். வியர்வையைத் துடைப்பதற்கு முன்பே சீட்டுக்கு அடியிலிருந்து போன் வெளியே வரும். "எவ்வளவு?" என்று பக்கத்து வண்டிக்காரர் கேட்பார். "2:18. ஆனா சாய்வு 52 டிகிரி காட்டுதுடா!" என்பது பதில். லேப் டைமைவிட அந்த 52-க்குத்தான் குரல் உயரும்.

அந்த இரண்டு எண்களில் 2:18-ஐ ஓரளவு நம்பலாம். 52-ஐ நம்புவதற்கு முன் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அதே போனில் யாரும் திறந்து பார்க்காத வேக வரைபடம் ஒன்று இருக்கிறதே, அதில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது.

ரேஸ்க்ரோனோ, ஹாரிஸ் லேப்டைமர், டிராக்அடிக்ட் போன்ற ஆப்கள் செய்யும் அடிப்படை வேலை ஒன்றுதான். போனில் உள்ள ஜிபிஎஸ், வண்டி இருக்கும் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். டிராக்கின் வரைபடத்தில் ஒரு கற்பனைக் கோடு போடப்பட்டிருக்கும். வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிய நேரத்துக்கும் மறுபடி தாண்டிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் லேப் டைம். நிஜமான பந்தயங்களில் இப்படி அளப்பதில்லை. அங்கே வண்டியில் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி இருக்கும். டிராக்கின் தரைக்குள் புதைத்த கம்பிச் சுருள் அதன் சமிக்ஞையைப் பிடித்து, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தைக் குறிக்கும். போனுக்கு அந்த வசதி கிடையாது.

போனின் பெரிய குறை, பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரே ஒரு தடவைதான் இடத்தைச் சொல்கிறது என்பது. சாலையில் வழி காட்ட அது தாராளம். டிராக்கில் மணிக்கு 140 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 39 மீட்டர் ஓடிவிடும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே என்ன நடந்தது என்பது போனுக்குத் தெரியாது. ஆப் அதை ஊகித்து நிரப்புகிறது. கோட்டைத் தாண்டிய கணத்தையும் இப்படித்தான் கணக்கிடுகிறது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு புள்ளிகளை எடுத்து, இடையில் சீராகப் போயிருப்பதாக வைத்துக்கொள்கிறது.

இதனால்தான் அந்தக் கற்பனைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பது முக்கியமாகிறது. இடத்தைக் கணிப்பதில் 3 மீட்டர் பிழை வந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஊர்ந்து வரும் திருப்பத்தில் கோடு இருந்தால் அந்தப் பிழை விநாடியில் 0.18 ஆகும். 140-இல் பறக்கும் நேர் ரோட்டில் இருந்தால் 0.08-க்குள் அடங்கிவிடும். வேகம் ஏறாமல் இறங்காமல் இருக்கும் இடமாக இருந்தால் ஊகமும் பொய்க்காது. பெரும்பாலான டிராக்குகள் இந்த ஆப்களில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாத டிராக்கில் தானாகக் கோடு போட நேர்ந்தால், பிட் வாசலுக்கு எதிரே வசதியாக இருக்கிறதே என்று போட வேண்டாம். நீளமான நேர் பகுதியின் நடுவில் போடுவது நல்லது.

ஆக, 2:18 என்று காட்டினால் அது 2:18 தான். 2:18.43-இல் அந்த 43-ஐ மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அந்த 52 டிகிரிக்கு வருவோம்.

வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று போனில் உள்ள முடுக்க உணரி சொல்லிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். போனைக் கையில் பிடித்துச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே உணரிதானே? ஆனால் ஓடும் வண்டியில் அது ஏமாந்துபோகும். பால் நிறைந்த தூக்குவாளியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் வாளி எவ்வளவு சாய்ந்தாலும் பால் சிந்தாது. வாளியின் அடிப்பக்கம்தான் தனக்குக் கீழே என்று பாலுக்குத் தோன்றும். திருப்பத்தில் சாய்ந்து போகும் வண்டிக்குள் இருக்கும் போனுக்கும் அதே நிலைதான். பூமியின் ஈர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து கிட்டத்தட்ட வண்டியின் நடுக்கோட்டு வழியாகவே கீழே இறங்குகின்றன. வண்டி 45 டிகிரி சாய்ந்திருக்கும்போதும் அந்த உணரி, "நான் நேராக நிற்கிறேன்" என்றே சொல்லும்.

எனவே சாய்வைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள்தான் மிச்சம். ஒன்று, சுழற்சியை அளக்கும் ஜைரோ உணரி. வண்டி எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அளந்து அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும். ஆனால் கூட்டும்போது சிறுசிறு பிழைகளும் சேர்ந்து கூடும். என்ஜின் அதிர்வு, ரோட்டின் மேடு பள்ளம் எல்லாம் அதில் கலக்கும். சில லேப்களுக்குப் பிறகு நேர் ரோட்டிலும் வண்டி 6 டிகிரி சாய்ந்திருப்பதாக ஆப் சொல்ல ஆரம்பித்தால் இந்த நகர்வு வந்துவிட்டது என்று பொருள். அந்த நாளின் சாய்வுக் கணக்கு எதையும் நம்ப வேண்டியதில்லை. ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310 போன்ற வண்டிகளில் ஆறு அச்சு உணரி ஒன்றை வண்டியோடு சேர்த்தே பொருத்துகிறார்கள். அது சட்டத்தில் அசையாமல் இருக்கிறது, எந்தத் திசையில் இருக்கிறது என்பது மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்பாஞ்சு சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகிய போனை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

இன்னொரு வழி, ஜிபிஎஸ்ஸை வைத்துக் கணக்குப் போடுவது. வேகமும் திருப்பத்தின் ஆரமும் தெரிந்தால் சாய்வு தெரிந்துவிடும். 50 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை மணிக்கு 80 கிலோமீட்டரில் எடுத்தால் கணக்குப்படி வரும் கோணம் 45 டிகிரி. இந்தக் கணக்கு நகராது, அதிர்வுக்கும் அஞ்சாது. ஆனால் அது சொல்வது வண்டியின் சாய்வை அல்ல. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த மொத்த எடையின் சாய்வை. ஓட்டுநர் உடம்பை உட்பக்கம் இறக்கி முழங்காலை நீட்டினால், அதே 45-க்கு வண்டி சில டிகிரி குறைவாகச் சாய்ந்தால் போதும். மாறாக, டயர் அகலமாக இருப்பதால் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உட்பக்கம் நகரும். அதை ஈடுகட்ட வண்டி இன்னும் சில டிகிரி கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். ஒரே திருப்பம், ஒரே வேகம். ஆனால் இருவர் வண்டியில் இரு வேறு கோணங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே 80 கிலோமீட்டர் வேகத்தில், டிராக்கின் முழு அகலத்தையும் பயன்படுத்தி 60 மீட்டர் ஆரத்தில் வளைந்து போனவருக்குக் கோணம் 40 டிகிரிதான். உட்பக்கம் சீக்கிரம் நுழைந்து, பிறகு வண்டியை மடக்கித் திருப்பியவருக்கு 45. பிட்டில் நின்று போனைக் காட்டி மார்தட்டுபவர் இரண்டாவது ஆள்! டயர் ஓரத்தில் தேயாமல் நிற்கும் 'சிக்கன் ஸ்ட்ரிப்' பட்டையைப் பார்த்து ஒருவரின் வீரத்தை அளக்கும் பழைய பழக்கத்துக்கு இது டிஜிட்டல் வாரிசு. ஒரே வேகத்துக்குக் கோணம் குறைந்தால்தான் ஓட்டுநர் தேறியிருக்கிறார் என்று அர்த்தம்.

சாய்வுக் கணக்கு ஒரு விஷயத்துக்கு நிச்சயம் உதவும். ஏறக்குறைய ஒரே ஆரமுள்ள இடப் பக்கத் திருப்பத்தையும் வலப் பக்கத் திருப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பலருக்கு ஒரு பக்கம் தைரியமாகவும் மறுபக்கம் தயக்கமாகவும் இருக்கும். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், லேப்புக்கு லேப் ஒரு பக்கம் மட்டும் 5, 6 டிகிரி குறைந்தே இருந்தால் அது செய்திதான்.

அடுத்தது பிரேக். இதற்குத் தனி உணரி எதுவும் வேண்டாம், வேக வரைபடமே போதும். ஜிபிஎஸ் சொல்லும் இடத்தில் சில மீட்டர் பிழை இருந்தாலும், அது சொல்லும் வேகம் ஆச்சரியப்படத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கும். செயற்கைக்கோள் சமிக்ஞையின் அலைவெண் மாறுவதை வைத்து வேகத்தைத் தனியாகக் கணிப்பதே இதற்குக் காரணம். டிராக்கின் அகலம் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மீட்டர் என்னும்போது, "நான் எந்தக் கோட்டில் போனேன்" என்று போனிடம் கேட்பது வீண் வேலை. "எந்த வேகத்தில் போனேன்" என்று கேட்டால் ஒழுங்கான பதில் வரும்.

வரைபடத்தைத் திறந்ததும் அடிக்கோட்டில் நேரத்துக்குப் பதிலாகத் தூரம் வருமாறு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இரண்டு லேப்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது அதே திருப்பம் அதே இடத்தில் வந்து உட்காரும். மேடுகள் நேர் ரோடுகள், பள்ளங்கள் திருப்பங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் சரிவில்தான் பிரேக் தெரியும். ஒரு விநாடியில் வேகம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் போதும். மணிக்கு 35 கிலோமீட்டர் இறங்கினால் அது 1 ஜி. டிராக் டேக்கு வரும் சாதாரணக்காரர்கள் அந்தப் பக்கம் போவது அரிது. 28 என்றால் 0.8 ஜி, நல்ல பிரேக். 21 என்றால் 0.6 ஜி, கை இன்னும் தயங்குகிறது. 5, 6 மட்டும் இறங்கினால் பிரேக்கே இல்லை. த்ராட்டிலை விட்டதும் என்ஜின் தானாக இழுத்துப் பிடிப்பது மட்டும்தான் அது.

புதியவர்களின் வரைபடத்தில் பெரும்பாலும் தெரிவது இந்தக் கடைசி வகைதான். செங்குத்தாக இறங்க வேண்டிய கோடு பாதியில் சாய்ந்து, பள்ளத்தின் அடியில் தட்டையாகக் கொஞ்ச தூரம் ஓடும். பிரேக்கை விட்டாயிற்று, த்ராட்டிலைத் திறக்கவில்லை. வண்டி சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. ஓட்டியவரைக் கேட்டால், "பிரேக்கை லேட்டாத்தான் பிடிச்சேன், அதுக்குமேல முடியாது" என்பார். தாமதமாகப் பிடித்தது உண்மையாகவே இருக்கலாம். சீக்கிரமே விட்டுவிட்டதைத்தான் வரைபடம் காட்டுகிறது.

தாமதமாகப் பிரேக் பிடிப்பதால் என்னதான் கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140-இல் வரும் வண்டியைத் திருப்பத்துக்காக 70-க்கு இறக்க வேண்டும். 0.6 ஜியில் பிடித்தால் 96 மீட்டர் வேண்டும். 0.8 ஜியில் பிடித்தால் 72 மீட்டர் போதும். அதாவது 24 மீட்டர் தள்ளிப்போய்ப் பிடிக்கலாம். டிராக்கில் 24 மீட்டர் என்பது பயமுறுத்தும் தூரம். நூறு மீட்டர் பலகையைத் தாண்டியும் பிரேக்கைத் தொடாமல் போவதற்கு நெஞ்சுரம் வேண்டும். இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் விநாடியில் 0.2 மட்டுமே.

அதே திருப்பத்தின் மறுமுனையைப் பார்ப்போம். வெளியே வரும்போது வேகம் 75-க்குப் பதிலாக 80 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 300 மீட்டர் நேர் ரோடு. விநாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகம் ஏறும் வண்டி என்றால், அந்த 5 கிலோமீட்டர் மட்டுமே 0.33 விநாடியை மிச்சப்படுத்தும். இதில் பயப்படவும் ஒன்றுமில்லை.

மூன்றாவது லேப்பில் ஒருவர் தைரியமாக 24 மீட்டர் தள்ளிப் பிரேக் பிடித்தார். வேகம் அடங்காமல் வெளியே அகன்று போய், த்ராட்டிலைத் திறக்கத் தாமதமாகி, 75-இல் வெளியே வந்தார். ஐந்தாவது லேப்பில் பழைய இடத்திலேயே பிடித்து, நிதானமாக நுழைந்து, சீக்கிரம் த்ராட்டிலைத் திறந்து 80-இல் வெளியே வந்தார். மூன்றாவது லேப் அவருக்கு வேகமாக ஓட்டியது போலிருக்கும். உண்மையில் ஐந்தாவது லேப்தான் அந்த ஒரு திருப்பத்தில் 0.13 விநாடி முந்தியது. ஆப்பில் 'டெல்டா' என்று ஒரு கோடு இருக்கும். ஒரு லேப்பைவிட இன்னொன்று ஒவ்வொரு மீட்டரிலும் எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று அது காட்டும். மூன்றாவது லேப்பின் டெல்டா, பிரேக் பிடிக்கும் இடத்தில் லாபம் காட்டிவிட்டு, நேர் ரோடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழந்துகொண்டே போகும். இந்த வடிவத்தை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எல்லாத் திருப்பங்களிலும் கண்ணில் படும்.

ஆனால் இதற்கும் போனின் எல்லை உண்டு. 24 மீட்டர் வித்தியாசம் என்றோம். விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் புள்ளிகளுக்கு இடையே 39 மீட்டர் இடைவெளி. பிரேக் பிடித்த இடம் அந்த இடைவெளிக்குள் தொலைந்துபோகும். போதாததற்கு, போனின் ஜிபிஎஸ் வேகத்தைக் கொஞ்சம் வழவழப்பாக்கியே தருகிறது. திடீரெனப் பிடித்த பிரேக் மெதுவாகப் பிடித்தது போலத் தெரியும். பள்ளத்தின் ஆழத்தையும் நேர் ரோட்டின் முடிவில் எட்டிய வேகத்தையும் போனிடமிருந்து கேட்டு வாங்கலாம். பிரேக் பிடித்த இடத்தைத் துல்லியமாகக் கேட்டால் அது பொய் சொல்லும். அதுவும் இரண்டு தசமத் துல்லியத்தோடு சொல்லும்.

அதற்கு வழி, புளூடூத்தில் போனோடு சேரும் தனி ஜிபிஎஸ் கருவி. விநாடிக்கு 10 புள்ளி தருபவை இருக்கின்றன. ரேஸ்பாக்ஸ் மினி போன்றவை 25 தருகின்றன. 140 கிலோமீட்டர் வேகத்தில் 10 என்றால் 4 மீட்டருக்கு ஒரு புள்ளி. 25 என்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. இப்போது அந்த 24 மீட்டர் பளிச்சென்று தெரியும். கருவி சின்னதாக இருப்பதால் வண்டியின் வால் பகுதியில், மேலே வானம் தெரியும்படி ஒட்டிவிடலாம். போன் பத்திரமாக உள்ளே இருக்கும்.

போனை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஹேண்டில்பாரில் வைத்தால் கண் அங்கே போகும். திருப்பத்தின் நடுவே திரையைப் பார்ப்பவர் தனக்கும் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. அதிர்வு வேறு. மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு, படம் ஆடாமல் எடுக்க உதவும் கேமரா பொறிமுறையைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. ரைடிங் சூட் பையில் வைத்தால், விழும்போது அது விலா எலும்பில் இடிக்கும். வால் பெட்டிக்குள் ஸ்பாஞ்சில் சுற்றி வைப்பதுதான் பொதுவான வழி. அங்கே வெயில் ஒரு தொல்லை. ஐபோன் 35 டிகிரி வரையான சூழலில் இயங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. சென்னையின் மே மாத மதியத்தில், என்ஜின் சூடும் சேர்ந்த சீட்டுக்கு அடியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று லேப் பதிவாகி மீதி வெறுமையாக இருந்தால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள், பிறகு பேட்டரி சேமிப்பு வசதியை. ஆண்ட்ராய்டு போன்களில் திரை அணைந்ததும் அந்த வசதி ஆப்பைத் தூங்க வைத்துவிடுவது உண்டு. அந்த ஆப்புக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்க வேண்டும். புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஆப்பைத் திறந்து, கூரைக்கு அடியில் இல்லாமல் திறந்த வெளியில் நின்றால் செயற்கைக்கோள்கள் பிடிபடும். முதல் லேப்பே கோணல்மாணலாகப் பதிவானால், இதைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆப்கள் காட்டும் இன்னொரு கவர்ச்சிப் பொருள், 'சிறந்த சாத்தியமான லேப்'. டிராக்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் எடுத்த மிகக் குறைந்த நேரத்தை எல்லாம் கூட்டி, "நீங்கள் 2:15 ஓட்டலாம்" என்று ஆசை காட்டும். மேலே சொன்ன மூன்றாவது லேப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பகுதியின் எல்லை சரியாகத் திருப்பத்தின் நடுவில் விழுந்தால், தாமதமாகப் பிரேக் பிடித்த லாபம் முதல் பகுதியில் சேரும்; அதற்குக் கொடுத்த விலை அடுத்த பகுதிக்குப் போய்விடும். இரண்டிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டினால் யாராலும் ஓட்ட முடியாத ஒரு லேப் கிடைக்கும். பகுதிகளின் எல்லையை நேர் ரோட்டின் நடுவில் வைத்தால் இந்த மாயை பெரும்பாலும் ஒழியும்.

வெவ்வேறு செஷன்களை ஒப்பிடும்போது காற்று, தரைச் சூடு, டயரின் நிலை எல்லாம் மாறியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நம்பத் தகுந்தது ஒரே செஷனின் லேப்களை ஒப்பிடுவதுதான். அதிலும் டயர் சூடேறாத முதல் லேப்பையும், முன்னால் போன வண்டியில் மாட்டிக்கொண்ட லேப்களையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது மூன்றோ நான்கோ. அதில் ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த செஷனில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பதுதான் பயன் தரும்.

பிரிட்டனில் பல டிராக் டே அமைப்பாளர்கள் லேப் டைம் எடுப்பதையே தடை செய்கிறார்கள். நேரம் எடுத்தால் அது பந்தயம் ஆகிவிடும், காப்பீடு செல்லாது என்பது அவர்கள் கவலை. இங்கும் ஒவ்வொரு அமைப்பாளருக்கும் ஒரு விதி. வெளியில் ஒட்டும் கருவி, கேமரா ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டென்றால், முதல் சில டிராக் டேக்களுக்குப் போனும் இலவச ஆப்பும் போதும். திருப்பத்தின் குறைந்தபட்ச வேகத்தையும் தட்டையான பள்ளத்தையும் அதுவே காட்டும். பிரேக் இடங்களை மீட்டர் கணக்கில் பார்க்க வேண்டிய கட்டம் வந்ததும் 10 புள்ளி ஜிபிஎஸ் வாங்கலாம். சாய்வு அளக்கத் தனிக் கருவிக்குச் செலவிடும் பணத்தை நல்ல பிரேக் பேடுக்கோ, இன்னொரு டிராக் டேக்கோ கட்டுங்கள்.